"<" நிரூபிக்கறப்ப எதிர்ப்பக்கம் ">" இல்ல, "≥": விட்டுப்போற அந்த சமமான கேஸ்

கேள்வி: சார், n ≥ 1-னா √(n−1) + √(n+1) < 2√n-னு முரண்பாட்டு முறையில நிரூபிக்கச் சொன்னாங்க. நான் எதிரா > னு வெச்சுக்கிட்டு ரெண்டு தடவ ஸ்குவேர் பண்ணுனேன், n² − 1 > n² னு வந்துச்சு, இது நடக்காது, அதனால நிரூபணம் ஆச்சுன்னு முடிச்சுட்டேன். எங்க மாஷ் பாதி மார்க்க வெட்டிட்டார், எதிர்மறையே தப்புங்கறார். கடைசி வரி நடக்காததுதானே, அப்புறம் என்ன தப்பு? (பிளஸ் ஒன், வேலந்தாவளம்)

கண்ணு, நீ போட்ட கணக்குல ஒரு வரி கூட தப்பு இல்ல, ஆனா நீ நிரூபிச்சது வேற ஒண்ணு. இடப்பக்கம் வலப்பக்கத்தவிடப் பெருசா இருக்க முடியாதுங்கறத நிரூபிச்சிருக்கற. உன்கிட்டக் கேட்டது இடப்பக்கம் சின்னதாவே இருக்கும்ங்கறத. இந்த ரெண்டுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் சமமா இருக்கற கேஸ் ஒண்ணு நிக்குது பாரு, அத நீ தொடவே இல்ல. உன் பேப்பர்ல இருக்கறத வெச்சுப் பாத்தா ≤ வரைக்கும்தான் வருது, < வரல. மாஷ் வெட்டுனது சரிதான்.

இது நம்ம பேச்சுலயே இருக்கற விஷயம்தான். கொழிஞ்சாம்பாறை பக்கம் தோப்புல காய் எடுக்க வர்ற யாவாரி "அரைக்கிலோவுக்குக் குறையாத காயாப் போடுங்க"ன்னு சொன்னா, சரியா ஐநூறு கிராம் இருக்கற காய் எந்தப் பக்கம் போகும்? நல்ல காய் பக்கம்தான் போகும், ஏன்னா அது குறையல. ஆக "குறையல"ங்கறதுக்குள்ள கூட இருக்கறதும் அடங்குது, சமமா இருக்கறதும் அடங்குது. ரெண்டு எண்ண எடுத்துக்கிட்டா ஒண்ணு சின்னது, இல்ல சமம், இல்ல பெருசு, இந்த மூணுல ஏதோ ஒண்ணுதான், நாலாவது வழி கெடையாது. "சின்னது"ங்கறது பொய்னு வெச்சுக்கிட்டா மிச்சம் ரெண்டு வாசல் தெறந்திருக்கு. முரண்பாட்டு முறைங்கறது மிச்சம் இருக்கற எல்லா வாசலையும் அடைச்சுட்டு, அதனால மொதல் வாசல்தான்னு சொல்றது. நீ ஒரு வாசல அடைச்சுட்டு வந்துட்ட.

மலையாளம் மீடியம் பசங்க இதத்தான் வைருத்யம்னு எழுதுவாங்க, நம்ம புக்குல முரண்பாடு. எந்த மொழில எழுதுனாலும் மொத வரில "குறையல"ன்னு எழுதுனா தப்பவே தப்பாது, "கூட"ன்னு எழுதுனாத்தான் சிக்கல். நான் டியூஷன்ல புள்ளைங்கள மொத வரிய வார்த்தைல எழுதச் சொல்றது இதுக்குத்தான், குறி போடறது அடுத்த வரில போட்டுக்கலாம்.

இப்ப உன் கணக்கையே முழுசாப் போட்டுப் பாப்போம், ஒவ்வொரு வரிக்கும் காரணத்தோட.

இடப்பக்கம் குறையலன்னு வெச்சுக்குவோம், அதாவது ஏதோ ஒரு n ≥ 1-க்கு

√(n−1) + √(n+1) ≥ 2√n

n ≥ 1 ங்கறதால n−1 நெகட்டிவ் ஆகாது, அதனால எல்லா ரூட்டுக்கும் அர்த்தம் இருக்கு, ரெண்டு பக்கமும் பூஜ்யத்துக்குக் குறையாத எண்கள். அப்படி இருந்தா ஸ்குவேர் பண்ணலாம், குறி மாறாது:

(n−1) + (n+1) + 2√(n²−1) ≥ 4n

இடப்பக்கம் 2n + 2√(n²−1). 2n-ஐக் கழிச்சு ரெண்டால வகுத்தா

√(n²−1) ≥ n

இங்கயும் ரெண்டு பக்கமும் நெகட்டிவ் இல்ல, மறுபடி ஸ்குவேர் பண்ணு:

n² − 1 ≥ n²

n²-ஐ ரெண்டு பக்கமும் எடுத்துட்டா −1 ≥ 0. மைனஸ் ஒண்ணு பூஜ்யத்தவிடப் பெருசும் இல்ல, பூஜ்யத்துக்கு சமமும் இல்ல. ரெண்டு வாசலும் ஒரே அடியில மூடிருச்சு, ஆக நாம வெச்சுக்கிட்டதுதான் பொய், < தான் உண்மை.

நீ இதப் படிச்சுட்டு "அட, நான் எழுதுனதுல > குறிய எடுத்துட்டு ≥ போட்டா அப்படியே இதானே சார், ஒரு கோடுதானே வித்தியாசம், அதுக்கா பாதி மார்க்கு"ன்னு கேப்ப. நியாயமான கேள்வி. இந்தக் கணக்குல அந்தக் கோடு போடறதால வேல ஒண்ணும் கூடல, ஏன்னா கடைசில வந்த −1 ≥ 0 சமத்தையும் சேத்துக் கொன்னுருது. ஆனா எல்லாக் கணக்குலயும் இப்படி ஓசில வராது. அதக் காட்டறதுக்கு இதே கணக்கக் கொஞ்சம் அகலமாக்கறேன், இதுதான் நீ நல்லாக் கவனிக்க வேண்டிய எடம்.

n−1, n+1 ங்கறதுக்குப் பதிலா பூஜ்யத்துக்குக் குறையாத ஏதாவது ரெண்டு எண் a, b எடுத்துக்க. நடுவுல இருக்கற n-க்குப் பதிலா அதுங்களோட சராசரி (a+b)/2. இப்ப கேள்வி இது:

√a + √b < 2√((a+b)/2)

இத உன் வழில, > மட்டும் வெச்சுக்கிட்டுப் போட்டுப் பாக்கலாம். √a + √b > 2√((a+b)/2) னு வெச்சுக்கிட்டு ஸ்குவேர் பண்ணுனா a + b + 2√(ab) > 2(a+b). எல்லாத்தையும் வலப்பக்கம் தள்ளுனா 0 > a + b − 2√(ab), அது வேற ஒண்ணும் இல்ல,

0 > (√a − √b)²

ஒரு ஸ்குவேர் பூஜ்யத்துக்குக் கீழ போகாது, முரண்பாடு வந்துருச்சு, ஆக எல்லா a, b-க்கும் < உண்மைன்னு நீ முடிச்சிருப்ப. இப்ப a = 25, b = 25 போட்டுப் பாரு. இடப்பக்கம் 5 + 5 = 10. வலப்பக்கம் 2 × √25 = 10. பத்து பத்தவிடச் சின்னதா? இல்லையே! அப்ப நீ "நிரூபிச்ச" விஷயமே பொய். ஒரு வரிலயும் கணக்குத் தப்பு இல்லாம ஒரு பொய்ய நிரூபிச்சிருக்க, காரணம் அந்த மொத வரி மட்டும்தான். மாஷ் மார்க்கக் கொறச்சது அந்த ஒரு கோட்டுக்காக இல்ல, அந்தக் கோடு இல்லாத வழி பொய்யையும் உள்ள விட்டுரும்ங்கறதுக்காக.

இதையே ≥ வெச்சுக்கிட்டுப் போனா கடைசில வர்றது

0 ≥ (√a − √b)²

இது நடக்காத விஷயமா? இல்ல, நடக்கலாம். ஸ்குவேர் பூஜ்யமா இருந்தா நடக்கும், அதாவது √a = √b, அதாவது a = b. இங்க நிரூபணம் நிக்குது, நின்னு உன்கிட்ட ஒரு கேள்வி கேக்குது: a-யும் b-யும் வேற வேறன்னு எங்கயாவது சொல்லிருக்கா? சொல்லிருந்தா, இப்ப வந்த a = b அதோட மோதுது, முரண்பாடு அங்கதான். சொல்லலன்னா முரண்பாடே இல்ல, கேள்வியே தப்பு, ≤ தான் உண்மைன்னு நீ எழுதணும். உன் கணக்குல n−1-ம் n+1-ம் எப்பவுமே வேற வேற எண்கள், ரெண்டு வித்தியாசம், அதனாலதான் அங்க < ஜோராக் கெடச்சுது. இது உன் நிரூபணத்துல கண்ணுக்குத் தெரியாம உள்ள ஒளிஞ்சிருந்துச்சு.

இதுல இன்னொண்ணும் பாரு, "நடக்காத வாக்கியம்"ங்கறது ரெண்டு விதமா வருது. −1 ≥ 0 மாதிரி எந்த ஊர்லயும் நடக்காதது ஒண்ணு. a = b மாதிரி, தனியாப் பாத்தா ஒரு தப்பும் இல்லாதது, ஆனா கேள்வில குடுத்ததோட சண்ட போடறது இன்னொண்ணு. ரெண்டாவது வகை வந்தா "இது முரண்பாடு"ன்னு மட்டும் எழுதி நிறுத்தாத, எதோட முரண்படுதுன்னு பேர் சொல்லி எழுது. "a ≠ b எனக் கொடுக்கப்பட்டதுக்கு முரண்"னு நாலு வார்த்த எழுதுனா பேப்பர் திருத்தறவங்களுக்கு உனக்கு விஷயம் தெரியும்னு புரிஞ்சுரும்.

நான் இத போர்டுல வேலிக்கணக்காத்தான் போடுவேன். அம்பது சென்ட் நெலத்த ரெண்டு சதுரமாப் பிரிக்கணும், ஒவ்வொண்ணச் சுத்தியும் கம்பி வேலி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, அப்ப ஒரு சென்ட் சதுரத்தோட பக்கம் சுமார் 20.87 அடி. இருபத்தஞ்சு, இருபத்தஞ்சாப் பிரிச்சா பக்கம் 5 × 20.87, ரெண்டு சதுரத்துக்கும் சேத்துச் சுத்தளவு சுமார் 834.8 அடி. இருபத்திநாலும் இருபத்தாறுமாப் பிரிச்சா? √24 = 4.89898, √26 = 5.09902, கூட்டுனா 9.99800. பத்துக்கு 0.002 கொறச்சல். அத 20.87-ஆலயும் நாலாலயும் பெருக்குனா 0.167 அடி, அதாவது ரெண்டு இன்ச்சு. எண்ணூத்தி முப்பத்தஞ்சு அடி கம்பில ரெண்டே ரெண்டு இன்ச்சு மிச்சம். டேப்பு புடிச்சு அளக்கறவருக்கு ரெண்டும் ஒண்ணுதான், டேப்பக் கொஞ்சம் தளத்திப் புடிச்சா ரெண்டு இன்ச்சு போயிரும். ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல. வேலி கட்டறவரு "சமம்"னு சொல்ற எடத்துல கணக்கு "கம்மி"ன்னு சொல்லுது, அதச் சொல்றதுக்கு உனக்கு அளவு உதவாது, நிரூபணம் வேணும்.

n பெருசாகப் பெருசாக இது இன்னும் மோசமாகும். n = 10,00,000 எடுத்துக்க, 2√n = 2000. √999999-ஐப் பத்து இலக்கத்துக்கு ரவுண்ட் பண்ணுனா 999.9995000, √1000001-ஐப் பத்து இலக்கத்துக்கு ரவுண்ட் பண்ணுனா 1000.000500. ரெண்டையும் கூட்டு, சரியா 2000. கால்குலேட்டர்ல பாத்து எழுதறவன் சமம்னு சத்தியம் பண்ணுவான். உண்மைல கூட்டுத்தொகை 1999.99999999975, வித்தியாசம் பத்தாவது தசம இடத்துலதான் தல காட்டுது. நிரூபணத்துக்கு n எவ்வளவு பெருசுன்னு கவலையே இல்ல, எந்த n போட்டாலும் அதே −1 ≥ 0-லதான் வந்து நிக்கும், அந்த −1 சுருங்கறதே இல்ல. ரூட் போட்ட நிலமைல 0.00000000025-ஆ இருந்த வித்தியாசம் ரெண்டு தடவ ஸ்குவேர் பண்ணி ரூட்டெல்லாம் கழண்டதுக்கப்புறம் முழுசா ஒண்ணா முன்னாடி வந்து நிக்குது. எனக்கு இந்தக் கணக்கு புடிக்கறதே இதுக்குத்தான்.

அடுத்தது ஸ்குவேர் பண்றத பத்தி. உன் பேப்பர்ல "ஸ்குவேர் பண்ண"ன்னு மட்டும் எழுதிட்டுப் போயிருப்பன்னு நெனைக்கறேன், நெறையப் பேர் அப்படித்தான். −5 < 3 உண்மை, ஸ்குவேர் பண்ணுனா 25 < 9, பொய். ஆக ரெண்டு பக்கமும் நெகட்டிவ் இல்லங்கற வார்த்த இல்லாம ஸ்குவேர் பண்ணா அந்த வரி தொங்குது. உன் கணக்குல ரெண்டு எடத்துலயும் ரூட்டும் n-ம்தான் இருக்கு, பிரச்சன இல்ல. ஆனா சில புள்ளைங்க மொதல்லயே √(n+1)-ஐ வலப்பக்கம் கொண்டு போயிருவாங்க, √(n−1) ≥ 2√n − √(n+1) னு. இப்ப வலப்பக்கம் ஒரு கழித்தல், அது நெகட்டிவ் இல்லன்னு யார் சொன்னா? இங்க n ≥ 1 ங்கறதால 4n-ஆனது n+1-ஐவிடப் பெருசு, அதனால 2√n > √(n+1), சரிதான், ஆனா அத எழுதிட்டுத்தான் ஸ்குவேர் பண்ணணும். எழுதாமப் பண்ணி நடக்காத வரி ஒண்ணு வந்துச்சுன்னா, அந்த முரண்பாடு நீ வெச்சுக்கிட்டதால வந்துச்சா, இல்ல நடுவுல நீ பண்ண தப்பால வந்துச்சான்னு சொல்லவே முடியாது. முரண்பாட்டு முறையோட ஆபத்தே அங்கதான் இருக்கு. நேரடி நிரூபணத்துல கணக்குத் தப்புனா விட பெரும்பாலும் வராது, உனக்கே தெரிஞ்சுரும். இதுல கணக்குத் தப்புனா நீ தேடிக்கிட்டிருந்த அந்த நடக்காத வாக்கியமே வந்துரும், சந்தோஷமா முடிச்சுட்டுப் போயிருவ.

அதக் கண்டுபுடிக்க நான் பண்றது ஒண்ணு சொல்றேன். நிரூபணம் எழுதி முடிச்சதும், அந்த வாக்கியம் எங்க பொய்யாகும்னு யோசிச்சு அந்த எண்ண உள்ள போட்டு மேலேர்ந்து ஒவ்வொரு வரியா இறங்கு. a, b கணக்குல 25, 25 போட்டா √a + √b ≥ 2√((a+b)/2) ங்கறது 10 ≥ 10, உண்மை. அடுத்த வரி 100 ≥ 100, உண்மை. கடைசி வரி 0 ≥ 0, உண்மை. எங்கயும் முரண்பாடு வரல, சரியான நிரூபணம் இப்படித்தான் நடந்துக்கணும், பொய்யான எடத்துல அது முடியக் கூடாது, a ≠ b-ங்கற வார்த்தைக்காகக் காத்துக்கிட்டு நிக்கணும். உன்னோட > வழில அதே எண்ணப் போட்டா மொத வரியே 10 > 10, பொய். அந்தக் கேஸ் உன் நிரூபணத்துக்குள்ள நுழையவே இல்லன்னு அங்கயே தெரிஞ்சுரும்.

கூடப் படிக்கற யாராவது "எதுக்கு இவ்வளவு சுத்து, √(n−1) + √(n+1) < 2√n-ல ஆரம்பிச்சு ஸ்குவேர் பண்ணிட்டே போனா n² − 1 < n² வருது, அது உண்மை, முடிஞ்சுது"ன்னு எழுதிருப்பாங்க. அது நிரூபணம் ஆகாது. நிரூபிக்க வேண்டியத வெச்சுக்கிட்டு ஆரம்பிச்சு ஒரு உண்மைல போய் நின்னா ஒண்ணும் நிரூபணம் ஆகல, −1 = 1 ங்கற பொய்ய ஸ்குவேர் பண்ணாலும் 1 = 1 ங்கற உண்மை வருதே. அத அப்படியே தலகீழாத் திருப்பி, n² − 1 < n²-ல ஆரம்பிச்சு மேல ஏறி, ஒவ்வொரு படியிலயும் ரூட் எடுக்கலாம்னு சொல்லி எழுதுனா அருமையான நேரடி நிரூபணம், மார்க்கு முழுசா வரும். ஆனா ஒவ்வொரு படியும் திரும்பி ஏறுமான்னு பாக்கணும். முரண்பாட்டு முறைல அந்தத் தொல்லை இல்ல, கீழ இறங்குனாப் போதும், திரும்பி ஏற வேண்டியதில்ல, ஏன்னா கடைசில பொய்ல போய் முட்டுனா ஆரம்பமும் பொய்தான். ரூட்டெல்லாம் இருக்கற இன்ஈக்வாலிட்டிக்கு மாஷ் இந்த முறையச் சொன்னதுக்குக் காரணம் அதுவாத்தான் இருக்கும்.

மறுபடி எழுதிக் காட்டறப்ப இப்படி எழுது, இதுக்கு மேல ஒண்ணும் தேவையில்ல:

n ≥ 1 என்க. √(n−1) + √(n+1) ஆனது 2√n-ஐ விடக் குறைவு இல்லை எனக் கொள்வோம்.
அதாவது √(n−1) + √(n+1) ≥ 2√n.
இருபுறமும் குறை எண்கள் அல்ல, எனவே வர்க்கப்படுத்த, 2n + 2√(n²−1) ≥ 4n.
எனவே √(n²−1) ≥ n.
இருபுறமும் குறை எண்கள் அல்ல, எனவே வர்க்கப்படுத்த, n² − 1 ≥ n².
எனவே −1 ≥ 0. இது முரண்பாடு.
ஆகவே √(n−1) + √(n+1) < 2√n.

இத முடிச்சுட்டு, இருபத்தி மூணு சென்ட்டும் இருபத்தேழு சென்ட்டுமாப் பிரிச்சா எத்தன இன்ச்சு மிச்சமாகும்னு போட்டுப் பாரு. எனக்கு எட்டு இன்ச்சு வந்துச்சு, ரெண்டு நாலு மடங்காயிருச்சு. ஏன் நாலு மடங்குங்கறதுக்கு விட அந்த (√a − √b)²-க்குள்ளயே இருக்கு, தேடிப் பாத்துட்டு எழுது, நான் படிக்கறேன்.